லாட்ஜ் புக்கிங் ஆப்பில் கணக்கை நீக்கும் வசதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றி, பாபு ராவ் தெரு, காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பக்கம் இருக்கிற லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் ஆப் எழுதும் பசங்களும், எழுதித் தரச் சொல்லும் லாட்ஜ்காரர்களும் கேட்கிற கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆப்பை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். போன் நம்பரும் ஓடிபியும் போட்டு உள்ளே வர வேண்டும், ரூம் புக் பண்ணும்போது அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும், கடைசியில் ஜிஎஸ்டி பில் வரும். பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், போட்டோக்களுக்கு எஸ்3, நோட்டிஃபிகேஷனுக்கு ஃபயர்பேஸ். உங்கள் ஆப் வேறு மாதிரி இருந்தாலும் வேலை கிட்டத்தட்ட இதேதான்.

ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணினால் போதாதா? எதற்குத் தனியாக ஒரு டெலிட் பட்டன்?

அன்இன்ஸ்டால் செய்தால் போனில் இருப்பது மட்டும்தான் போகும். சர்வரில் இருக்கிற பெயர், நம்பர், ஆதார் போட்டோ, எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் தங்கினார் என்ற விவரம், எல்லாம் அப்படியே கிடக்கும்.

நம் ஊர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்தோ ராஞ்சியிலிருந்தோ அப்பாவுக்கு வைத்தியம் பார்க்க ஒருவர் வருகிறார், பத்துப் பன்னிரண்டு நாள் தங்குகிறார், காட்பாடியில் ரயில் ஏறும்போதே ஆப்பைத் தூக்கிவிடுகிறார். அதன்பின் அவருக்கு நம் ஆப் நினைவில்கூட இருக்காது. கொஞ்ச காலம் கழித்து அவர் அந்த சிம்மை விட்டுவிட்டால், ரீசார்ஜ் இல்லாமல் துண்டித்த நம்பரை 90 நாள் கழித்து டெலிகாம் நிறுவனங்கள் வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அந்தப் புது ஆள் வேலூருக்கு வந்து நம் ஆப்பைப் போட்டு, தன் நம்பரைக் கொடுத்து ஓடிபி அடித்தால் யாருடைய கணக்கு திறக்கும்? பழைய ஆளுடையது. அவருடைய ஆதார் போட்டோவோடு சேர்த்துத்தான் திறக்கும். ஆப்பில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே இது நடக்கும் என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

ஆப்பிளும் கூகுளும் சரியாக என்ன கேட்கிறார்கள்? இரண்டும் ஒன்றுதானா?

அடிப்படை ஒன்று: ஆப்பில் கணக்கு தொடங்க முடியும் என்றால், அதை நீக்கவும் ஆப்புக்குள்ளேயே வழி இருக்க வேண்டும். ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் இதைக் கட்டாயமாக்கியது, ரிவ்யூ விதிகளில் 5.1.1(v) என்ற பிரிவு. கூகுள் பிளே 2023-ல் அறிவித்து, 2024 மே மாதத்துக்குள் எல்லோரையும் இதற்குள் கொண்டுவந்தது.

வித்தியாசம் ஒன்று உண்டு, நம்மூர் ஆப்களுக்கு அதுதான் முக்கியம். கூகுள், ஆப்புக்குள் இருக்கும் வழியோடு நிறுத்தாமல், ஆப்பைத் திரும்ப இன்ஸ்டால் செய்யாமலே நீக்கக் கேட்பதற்கு ஒரு வெப் லிங்க்கும் கேட்கிறது. பிளே கன்சோலில் Data safety படிவத்தில் அந்த லிங்க்கைக் கொடுக்க வேண்டும். லிங்க்கைத் திறந்தால் ஆப்பின் பெயரோ டெவலப்பர் பெயரோ ஸ்டோரில் இருக்கிறபடியே தெரிய வேண்டும், எப்படி நீக்குவது, எது அழியும், எதை எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். பிரைவசி பாலிசியின் அடியில் ஒரு வரி எழுதி அந்த லிங்க்கைக் கொடுத்துவிடாதீர்கள், தேடுகிறவருக்குக் கிடைக்காது. ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட ஆள் கடைசியில் வருவது இந்தப் பக்கத்துக்குத்தான், அதனால் அங்கேயும் ஓடிபி வைத்து உடனே வேலை நடக்கிற மாதிரிச் செய்வதுதான் சரி. அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இல்லாமல் வங்காளியிலும் இந்தியிலும் இருந்தால் இன்னும் நல்லது.

ஆப்பிள் விஷயத்தில், 'எங்களுக்கு மெயில் அனுப்புங்கள், போன் செய்யுங்கள்' என்று எழுதி வைத்தால் ரிஜெக்ட் ஆகும். கடுமையான அரசுக் கட்டுப்பாடு உள்ள துறைகளுக்கு மட்டும்தான் அதில் கொஞ்சம் தளர்வு. லாட்ஜ் புக்கிங் அதில் வராது.

டெலிட் என்று சொல்லாமல் கணக்கை முடக்கி வைத்தால்? status கட்டத்தில் 0 போட்டால் போச்சே?

போகாது. தற்காலிகமாக முடக்குவதை இரண்டு ஸ்டோருமே நீக்கமாக ஏற்பதில்லை. முடக்கும் வசதி கூடுதலாக இருக்கலாம், நீக்கத்துக்குப் பதிலாக இருக்கக் கூடாது.

பட்டனை எங்கே வைப்பது? தெரியாமல் கைபட்டுக் கணக்கு போய்விட்டால் கஸ்டமர் சண்டைக்கு வருவாரே.

புரொஃபைல் பக்கம், அதில் கணக்கு அமைப்புகள், அதில் 'கணக்கை நீக்கு'. மூன்றாவது தட்டலில் கிடைத்துவிட வேண்டும். மங்கலான சாம்பல் எழுத்தில் எங்காவது அடியில் ஒளித்து வைக்க வேண்டாம்.

கைபட்டுப் போகாமல் இருக்க ஒருமுறை ஓடிபி திரும்பக் கேளுங்கள், அதற்கு ஆப்பிளும் கூகுளும் தடை சொல்வதில்லை. 'நிச்சயமாகவா' என்று மூன்று தடவை கேட்பது, காரணத்தை எழுதினால்தான் பட்டன் வேலை செய்யும் என்று வைப்பது, இதெல்லாம் வேண்டாம். ஓடிபிக்கு முந்தைய திரையில் நாலு வரி போதும்: உங்கள் பெயர், நம்பர், அடையாள அட்டைப் போட்டோ, புக்கிங் விவரங்கள் 7 நாளுக்குள் அழிக்கப்படும்; பில்கள் மட்டும் ஜிஎஸ்டி சட்டப்படி இருக்கும்; பேக்கப் பிரதிகளிலிருந்து அடுத்த 30 நாளில் போய்விடும்; முடிந்ததும் எஸ்எம்எஸ் வரும். அந்த எஸ்எம்எஸ்ஸை நம்பரை அழிப்பதற்கு முந்தைய படியாக வைத்துக்கொள்ளுங்கள், அழித்த பிறகு அனுப்ப நம்பர் இருக்காது.

ஆள் இன்னும் ரூமில் தங்கியிருக்கிறார் அல்லது பாக்கி இருக்கிறது என்றால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். கோரிக்கையை மறுக்க வேண்டாம். வாங்கிக்கொண்டு, 'நீங்கள் ரூமைக் காலி செய்ததும் நீக்கம் தொடங்கும், இப்போதே வேண்டுமென்றால் புக்கிங்கை ரத்து செய்யுங்கள்' என்று இரண்டு வழியையும் காட்டுங்கள்.

users டேபிளில் ஒரு DELETE போட்டால் முடிந்ததா?

அதைத்தான் நிறைய பேர் முதலில் செய்கிறார்கள், முதலில் செய்யவே கூடாத வேலை அதுதான். users வரிசையில்தான் அந்த ஆளின் போட்டோ எந்த ஃபோல்டரில் இருக்கிறது, ஃபயர்பேஸில் அவர் யார், பேமெண்ட் நிறுவனத்தில் அவருடைய கஸ்டமர் ஐடி என்ன என்ற சாவியெல்லாம் இருக்கும். அதை முதலில் அழித்துவிட்டால் மற்ற இடங்களில் கிடப்பது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது, அது காலத்துக்கும் அங்கேயே கிடக்கும். அதனால் users வரிசை கடைசியில்தான் போக வேண்டும்.

முதல் வேலை கணக்கைப் பூட்டுவது. status-ஐ deleting என்று மாற்றி, ரெஃப்ரெஷ் டோக்கன்களை எல்லாம் செல்லாததாக்குங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே கொடுத்த ஆக்சஸ் டோக்கன் அதன் நேரம் முடியும் வரை செல்லும், ஃபயர்பேஸ் ஐடி டோக்கன் என்றால் ஒரு மணி நேரம். வீட்டில் இன்னொரு போனிலும் அதே கணக்கு திறந்திருந்தால், அந்தப் போன் பின்னணியில் எதையாவது அனுப்பி, 'இல்லையென்றால் புதிதாக உருவாக்கு' என்று எழுதிய ஏபிஐ ஒன்றின் வழியாக, அழித்த வரிசையைத் திரும்ப உயிர்ப்பித்துவிடும். டோக்கன் சரியா என்று மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு கோரிக்கையிலும் கணக்கின் status-ஐயும் பார்க்கிற ஒரு சோதனையைப் பொதுவான இடத்தில் வையுங்கள்.

பூட்டிய பிறகு ஒவ்வொரு இடமாக அழிக்க வேண்டும். அதைப் பட்டன் அழுத்திய அதே கோரிக்கைக்குள் செய்யாதீர்கள், எஸ்3 பதில் தர நேரமானாலே பாதியில் நின்றுவிடும். படிகளை ஒரு டேபிளில் எழுதி வைத்து, பின்னணியில் ஒரு வொர்க்கர் ஒவ்வொன்றாக முடிக்கட்டும்:

```sql
CREATE TABLE deletion_steps (
  user_id  uuid NOT NULL,
  step     text NOT NULL,
  done_at  timestamptz,
  PRIMARY KEY (user_id, step)
);
```

இதில் users டேபிளுக்கு ஃபாரின் கீ வேண்டுமென்றே வைக்கவில்லை, ஆள் போன பிறகும் இந்தப் பதிவு நிற்க வேண்டும். நம் உதாரண ஆப்பில் படிகள் இப்படிப் போகும்: எஸ்3 போட்டோக்கள், ஃபயர்பேஸ் நோட்டிஃபிகேஷன் டோக்கன், ரெடிஸ் கேஷ், பேமெண்ட் நிறுவனத்தில் சேமித்த கார்டு, சப்போர்ட் டிக்கெட், புக்கிங் டேபிள், எஸ்எம்எஸ், கடைசியாக users. வொர்க்கர் done_at காலியாக இருக்கும் படியை எடுக்கும், முடித்தால் நேரத்தை எழுதும், பிழை வந்தால் விட்டுவிட்டுப் பிறகு திரும்ப வரும். ஒவ்வொரு படியும் இரண்டு தடவை ஓடினாலும் கெடுதல் இல்லாததாக இருக்க வேண்டும். 'அழிக்கப் போனேன், அங்கே இல்லை' என்ற பதிலைப் பிழையாக எடுக்காமல் முடிந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோரிக்கை 3 நாளாக முடியாமல் இருந்தால் உங்கள் போனுக்கு அலெர்ட் வர வேண்டும். இது இல்லையென்றால் ஒரே ஒரு படியில் மாட்டிக்கொண்டு ஆறு மாதம் நின்றாலும் யாருக்கும் தெரியாது.

ஃபயர்ஸ்டோர் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு டாக்குமெண்ட்டை அழித்தால் அதன் கீழே இருக்கிற சப்கலெக்‌ஷன்கள் தானாக அழியாது. users டாக்குமெண்ட் கன்சோலில் போய்விட்ட மாதிரித் தெரியும், கீழே bookings எல்லாம் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக அழிக்க வேண்டும்.

நோட்டிஃபிகேஷன் டோக்கனை மறந்தால் என்ன ஆகும் என்பது ஆட்களே சொல்லித் தெரியவரும். கணக்கை நீக்கிய மறுவாரம் 'வேலூரில் ரூம் தேடுகிறீர்களா' என்று அவர் போனில் வந்து நிற்கும். அதன்பிறகு நீங்கள் உண்மையில் எல்லாவற்றையும் அழித்திருந்தாலும் அவர் நம்ப மாட்டார்.

ஆதார் போட்டோவை எஸ்3-யில் அழித்துவிட்டேன், ஆனால் ஸ்டோரேஜ் அளவு குறையவே இல்லையே?

பக்கெட்டில் வெர்ஷனிங் போட்டிருப்பீர்கள். வெர்ஷனிங் இருக்கிற பக்கெட்டில் சாதாரணமாக அழித்தால், எஸ்3 அந்த ஃபைலின் மேல் ஒரு 'அழித்தாயிற்று' என்ற குறியை மட்டும் வைக்கும். பழைய பிரதி உள்ளேயே இருக்கும், உரிமை உள்ளவர் வெர்ஷன் ஐடியைக் கொடுத்தால் போட்டோ அப்படியே வரும். இப்படிப் பாருங்கள்:

```
aws s3api list-object-versions --bucket BUCKET \
  --prefix users/USER_ID/
```

இதில் Versions என்ற தலைப்பின் கீழ் ஏதாவது வந்தால் போட்டோ இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு வெர்ஷன் ஐடியையும் சொல்லித்தான் அழிக்க வேண்டும், DeleteMarkers என்று வருகிறவற்றையும் சேர்த்து. கூடவே பழைய வெர்ஷன்கள் குறிப்பிட்ட நாளில் தானாகப் போகிற மாதிரி லைஃப்சைக்கிள் விதியும் வைத்துவிடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ஃபைல்களை users/USER_ID/ என்று ஆளுக்கு ஒரு பாதையில் வைத்திருந்தால் இந்த வேலை எளிது. தேதி வாரியாகக் கொட்டி வைத்திருந்தால் எந்த போட்டோ யாருடையது என்று டேட்டாபேஸைக் கேட்டுத்தான் தெரியும். லாட்ஜ் மேனேஜர் திரையில் காட்டுவதற்காகச் சின்ன அளவில் ஒரு நகல் எடுத்து வேறு பக்கெட்டில் வைத்திருப்பீர்கள், அதையும் மறக்கக் கூடாது. சின்னப் படம்தான், ஆனால் ஆதார் நம்பர் அதிலும் படிக்கத் தெரியும். முன்னால் கிளவுட்ஃபிரண்ட் மாதிரி ஒரு சிடிஎன் இருந்தால் அதன் கேஷிலும் நகல் இருக்கும். நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால் அது 24 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளும், அதனால் இன்வாலிடேஷன் கொடுங்கள். அடையாள அட்டையை சிடிஎன் வழியாகக் காட்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

பில்லை அழித்தால் ஆடிட்டர் விடமாட்டார். ஜிஎஸ்டி பில்லை என்ன செய்வது?

பில் இருக்கட்டும், இரண்டு ஸ்டோரும் அதைத் தடுக்கவில்லை. சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் எதை, எதற்காக, எவ்வளவு காலம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நீக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் வைத்திருக்கலாம் என்கிறது.

ஒரு பில்லை எடுத்துக் கணக்குப் போடுவோம். 2024 ஜூலையில் ஒருவர் 12 நாள் தங்கினார், நாளுக்கு 900 ரூபாய். வாடகை 10,800, அப்போதைய 12 சதவீத வரி 1,296, மொத்தம் 12,096 ரூபாய். இது 2024-25 நிதியாண்டு. அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31. கணக்குப் பதிவுகளை அந்தக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவு. ஆக இந்த பில்லை 2031 டிசம்பர் 31 வரை வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அதுவும் போகலாம், ஏதாவது வழக்கோ அப்பீலோ நடக்காதவரை. இந்தத் தேதியை பில்லின் வரிசையிலேயே ஒரு கட்டமாக எழுதி வைத்துவிட்டால், அன்றைக்கு வொர்க்கரே அழித்துவிடும்.

இப்போது அந்த பில்லில் என்ன இருக்க வேண்டும் என்று பாருங்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத சாதாரண ஆளுக்குக் கொடுக்கிற பில்லில், தொகை 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், அவரே கேட்டால் ஒழியப் பெயரும் முகவரியும் போட வேண்டிய கட்டாயமே இல்லை. போன் நம்பரும் ஆதார் நம்பரும் எந்தத் தொகைக்கும் தேவையில்லை. ஆனாலும் பழக்கத்தில் எல்லாவற்றையும் பில்லில் அச்சடித்துவிடுகிறோம், அப்புறம் ஆறு வருஷத்துக்கு மேல் அதைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. கொடுத்து முடித்த பில்லைத் திருத்தாதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். இனி வருகிற பில்களில் தேவையானதை மட்டும் போடுங்கள். ஆபீஸில் பணம் திரும்ப வாங்கப் பெயர் வேண்டும் என்று நிறைய பேர் கேட்பார்கள், அப்போது பெயரை மட்டும் போட்டால் போதும்.

டேட்டாபேஸில் ஒரு ஆபத்து. invoices டேபிள் users-ஐப் பார்த்து ON DELETE CASCADE என்று இருந்தால், ஆளை நீக்கிய அடுத்த நொடி அவருடைய பில்களும் சேர்ந்து போய்விடும். தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்:

```sql
ALTER TABLE invoices
  ALTER COLUMN user_id DROP NOT NULL,
  DROP CONSTRAINT invoices_user_id_fkey,
  ADD CONSTRAINT invoices_user_id_fkey
    FOREIGN KEY (user_id) REFERENCES users(id)
    ON DELETE SET NULL;
```

பில்லில் அச்சான விவரம் அந்த வரிசையிலேயே தனியாக நிற்க வேண்டும், users-இலிருந்து எடுத்துக் காட்டக் கூடாது. user_id காலியானாலும் பில் முழுதாகத் திறக்கும்.

பேக்கப்பில் இருக்கிறதே, அதற்குள் போய் ஒருவரை மட்டும் எப்படி அழிப்பது?

அழிக்க வேண்டாம், முடியவும் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப்பை 30 நாளுக்கு மேல் வைக்காமல் சுழற்றினால் அது தானாக வெளியேறிவிடும், அதை நீக்கும் பக்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

பிரச்சினை எப்போது வருகிறது என்றால், சர்வர் கெட்டுப்போய், பத்து நாள் முந்தைய பேக்கப்பைத் திரும்ப ஏற்றுகிற அன்றைக்கு. இடைப்பட்ட பத்து நாளில் நீக்கப்பட்டவர்கள் எல்லோரும் உயிர்த்து வந்துவிடுவார்கள். deletion_steps டேபிளும் அதே டேட்டாபேஸில்தானே இருக்கிறது, அதுவும் பத்து நாள் பின்னால் போயிருக்கும், அதனால் யாரை நீக்கினோம் என்றே தெரியாது. இதற்காக நீக்கிய user_id-யையும் நேரத்தையும் மட்டும் டேட்டாபேஸுக்கு வெளியே, வேறு ஒரு பக்கெட்டில் ஒரு ஃபைலாக எழுதிக்கொண்டே வாருங்கள். பேக்கப்பை ஏற்றும் வழிமுறையில், ஆப்பைத் திறந்துவிடுவதற்கு முன் அந்தப் பட்டியலைத் திரும்ப ஓட்டுவது ஒரு படியாக இருக்க வேண்டும். பேக்கப்பின் ஆயுள் 30 நாள் என்றால் இந்தப் பட்டியலையும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வைத்தால் போதும்.

லாட்ஜ் ரிஜிஸ்டரில் எழுதியது, மேனேஜர் வாட்ஸ்அப்பில் வந்த ஆதார், இதெல்லாம் யார் பொறுப்பு?

ரிஜிஸ்டர் லாட்ஜின் பதிவு. போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு அவர்கள் வைத்திருக்கிறார்கள், வங்கதேசத்திலிருந்து வருகிறவர்களுக்கு, வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் வேறு இருக்கிறது. ஆப்பில் கணக்கை நீக்கினால் அதெல்லாம் போகாது, அதை நீக்கும் திரையில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப் அப்படி இல்லை. புக்கிங் வந்ததும் ஆதார் போட்டோவையே மேனேஜர் குரூப்புக்கு ஆப் அனுப்புகிற மாதிரி எழுதியிருந்தால், நாலு பேர் போனின் கேலரியில் அது உட்கார்ந்திருக்கும். அதை உங்களால் எந்தப் பட்டனாலும் அழிக்க முடியாது. போட்டோவை அனுப்பாமல், மேனேஜர் லாகின் செய்து பார்க்கிற, சில நிமிடங்களில் காலாவதியாகிற ஒரு லிங்க்கை மட்டும் அனுப்புங்கள். லாட்ஜ்காரர் 'முன்னே மாதிரியே அனுப்புப்பா, லாகின் எல்லாம் யாருக்கு வரும்' என்று சொல்வார்தான். கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து அவருக்கு விளக்குங்கள், இது விட்டுக்கொடுக்கக் கூடாத இடம்.

ஆப்பிள் ஐடி வைத்து நுழைகிற வசதியும் வைத்திருக்கிறோம். அதற்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

ஆமாம். அப்படி வந்தவரின் கணக்கை நீக்கும்போது, ஆப்பிளிடம் சொல்லி டோக்கனையும் ரத்து செய்ய வேண்டும். சர்வரிலிருந்து இந்த முகவரிக்கு ஒரு POST:

```
https://appleid.apple.com/auth/revoke
```

client_id, client_secret, token என்ற மூன்றும் கட்டாயம் போக வேண்டும், token_type_hint விருப்பம்தான். இதில் token என்பது, அவர் முதலில் நுழைந்தபோது கிடைத்த ரெஃப்ரெஷ் டோக்கன். அதைச் சேமிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம். அப்படியென்றால் நீக்கும் சமயத்தில் அவரை ஒருமுறை திரும்ப ஆப்பிள் ஐடியில் நுழையச் சொல்லி, அப்போது கிடைக்கும் ஆத்தரைசேஷன் கோட்-ஐ auth/token முகவரியில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆத்தரைசேஷன் கோட்-க்கு 5 நிமிடம்தான் ஆயுள், அதனால் அதை வரிசையில் போட்டுக் காக்க வைக்காமல் உடனே மாற்றிவிட வேண்டும்.

அதே ஆள் அதே நம்பரில் திரும்ப வந்தால்? முதல் புக்கிங் கூப்பனுக்காக நீக்கி நீக்கி வருவார்களே.

திரும்ப வந்தால் அவர் புது ஆள். புது user_id, பழைய புக்கிங் எதுவும் தெரியக் கூடாது.

கூப்பனுக்காக 'நம்பரை ஹாஷ் செய்து வைத்துக்கொள்கிறோம், அது தனிநபர் தகவல் இல்லை' என்பார்கள். பத்து இலக்க நம்பருக்கு அது ஒரு மறைப்பே இல்லை. இந்திய மொபைல் நம்பர்கள் 6 முதல் 9 வரையில் தொடங்கும், மொத்தமே 400 கோடிதான். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து பார்க்க ஒரு சாதாரண கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலை இல்லை. கூப்பன் மோசடி உண்மையிலேயே தொல்லை என்றால், ரகசியச் சாவியோடு எச்மேக் போட்டு, சாவியை டேட்டாபேஸுக்கு வெளியே வைத்து, 90 நாள் மாதிரி ஒரு எல்லை வைத்து, அதை நீக்கும் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மோசடித் தடுப்புக்காக வைப்பதை கூகுள் ஏற்றுக்கொள்கிறது, சொல்லாமல் வைப்பதைத்தான் ஏற்காது. ஐம்பது ரூபாய் கூப்பனுக்கு இத்தனை பாடு வேண்டுமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அழிந்துவிட்டது என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

உலகத்தில் யாருக்கும் இருக்க முடியாத பெயரில் ஒரு சோதனைக் கணக்கு திறங்கள், ZQXVELLORE7731 மாதிரி. அந்தப் பெயரில் ரூம் புக் செய்து, போட்டோ ஏற்றி, சப்போர்ட்டுக்கு ஒரு செய்தி அனுப்பி, புக்கிங்கை ரத்தும் செய்து, பிறகு கணக்கை நீக்குங்கள். படிகள் எல்லாம் முடிந்ததும் தேடுங்கள்:

```
pg_dump lodge | grep -n 'ZQXVELLORE7731'
zgrep -l 'ZQXVELLORE7731' /var/log/nginx/*
```

முதல் தடவை கட்டாயம் எங்காவது மாட்டும். பெரும்பாலும் யாரும் நினைக்காத டேபிளில்தான் இருக்கும்: அட்மின் யார் எதை மாற்றினார் என்று பதிகிற ஆடிட் டேபிளில் பழைய மதிப்பு முழுவதும் ஜேசனாகக் கிடக்கும், அனுப்பிய எஸ்எம்எஸ்களின் டேபிளில் 'வணக்கம்' என்பதற்குப் பக்கத்தில் பெயர் இருக்கும், தேடல் வசதிக்காக வைத்த இன்டெக்ஸில் இருக்கும். லாகில் மாட்டினால், லாகைத் தேடி அழிப்பதைவிட, பெயரும் நம்பரும் யூஆர்எல்லில் போகாமல் செய்வதே சரியான வைத்தியம். சர்வர் லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022-ல் உத்தரவு போட்டிருக்கிறது, அதனால் லாகை முழுதாகத் துடைத்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். உள்ளே போகிற தகவலைக் குறையுங்கள்.

இந்தச் சோதனையை மாதம் ஒருமுறை தானாக ஓடுகிற மாதிரி வைத்துவிட்டால், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் புது டேபிள் ஒன்றை உருவாக்கி நீக்கும் படிகளில் சேர்க்க மறந்தாலும் அடுத்த மாதமே தெரிந்துவிடும்.

டெலிட் வசதி வைத்துவிட்டோம், ஆனாலும் ஆப்பிள் ரிவ்யூவில் ரிஜெக்ட் ஆகிறது. ஏன்?

பட்டன் எங்கே என்று ரிவ்யூ செய்கிறவருக்குத் தெரியவில்லை என்பது ஒரு காரணம். எந்தத் திரையில் தொடங்கி எங்கே முடிகிறது என்று போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து, ரிவ்யூ குறிப்போடு சேர்த்து அனுப்புங்கள். ஓடிபி இந்திய நம்பருக்கு மட்டும் போகும், அவர் கையில் இந்திய சிம் இருக்காது. அதனால் சோதனை நம்பர் ஒன்றுக்கு மாறாத ஓடிபி கொடுத்து, அதையும் குறிப்பில் எழுதுங்கள். அந்தக் கணக்கில் உண்மையான புக்கிங்கோ உண்மையான ஆள் விவரமோ எதுவும் இருக்கக் கூடாது.

இன்னொரு காரணம் அடுத்த வெர்ஷன் அனுப்பும்போதுதான் வரும். போன தடவை ரிவ்யூ செய்தவர் பட்டனைச் சோதிக்க அந்த டெமோ கணக்கையே நீக்கியிருப்பார், உங்கள் வொர்க்கரும் ஒழுங்காக எல்லாவற்றையும் அழித்திருக்கும். இந்தத் தடவை வருகிறவருக்கு உள்ளே வெறும் கணக்குதான் தெரியும், 'லாகின் ஆகிறது, ஆனால் புக்கிங் எதுவும் இல்லை, ஆப்பைச் சோதிக்க முடியவில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார். டெமோ நம்பருக்கு மட்டும், நீக்கம் முடிந்ததும் மாதிரி புக்கிங்குகளோடு புதுக் கணக்கு ஒன்றைத் தானாக உருவாக்குகிற சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, deletion_steps-ல் அதன் கடைசிப் படி முடிந்ததும் ஓடவிடுங்கள்.